அரபு மொழியின் சொல்லாக்கம்: மூவெழுத்து மூலமும் வாய்பாடும்



நம் தமிழில் ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்பது நெடுங்காலமாக நமக்குப் பழகிய காரியம். ‘செய்தான்’ என்பதைச் செய், த், ஆன் என்று முறையே பகுதியாகவும் இடைநிலையாகவும் விகுதியாகவும் கூறுபடுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிறுத்திக் காட்டும் வழியை நன்னூலார் பகுபத இலக்கணத்தில் வகுத்திருக்கிறார். அவ்வாறு பிரித்த பின்னும் பகுதியாகிய ‘செய்’ என்பது வாயால் உச்சரிக்கத்தக்க, தனித்துப் பொருள் தரும் ஒரு முழுச் சொல்லாகவே நிற்கிறது. வடமொழியிலும் தாதுவோடு பிரத்தியயம் வந்து சேர்கிறது. தாதுவின் உயிர் சிற்சில இடங்களில் குணமும் விருத்தியும் அடைகிறதென்றாலும், தாது என்பது அங்கும் உச்சரிக்கக்கூடிய ஓர் அசையே. இந்த இரண்டு வியாகரண மரபுகளிலும் பயின்ற ஒருவர் அரபு மொழிக்குள் முதன்முதலாகப் புகும்போது, அங்கே சொல்லின் வேர் என்று ஆசிரியர் சுட்டிக் காட்டுவது நாவால் சொல்ல முடியாத ஒரு பொருளாக இருப்பதைக் கண்டு திகைப்பது இயல்பேயாகும். அந்த வேர் உயிரெழுத்தே இல்லாத மூன்று மெய்கள். அம்மூன்றும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் நிற்கும், அவ்வளவுதான். உயிர்கள் அவற்றின் இடையிடையே வந்து புகுந்த பிறகே அது சொல்லாகிறது. எந்த உயிர் எந்த இடத்தில் புகுகிறது, எந்த மெய் இரட்டிக்கிறது, முன்னால் எந்த எழுத்து வந்து ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தே அது வினையா பெயரா, செய்தவனா செய்யப்பட்டதா, கற்பித்தலா கற்றலா என்பது நிச்சயிக்கப்படுகிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஐன், லாம், மீம் என்ற மூன்று மெய்கள். இவற்றுள் ஐன் என்பது தொண்டையின் அடியிலிருந்து பிறக்கும் ஒரு மெய். அதற்கு நேரான எழுத்து தமிழில் இல்லாமையால், நாம் அதைத் தமிழில் எழுதுங்கால் அது வெறும் அகரமாகவோ ஆய்தமாகவோ மறைந்துவிடுகிறது. ஆகையால் மூலங்களைச் சொல்லும்போதெல்லாம் எழுத்துக்களின் அரபுப் பெயர்களையே நான் சொல்லி வருவேன். இந்த மூன்று மெய்களும் எங்கெங்கே இந்த வரிசையில் நிற்கின்றனவோ, அங்கெல்லாம் ‘அறிவு’ என்ற பொருள் ஏதோ ஒரு வகையில் ஊடாடுவதைக் காணலாம். அலிம என்றால் அவன் அறிந்தான். இல்ம் என்றால் அறிவு. ஆலிம் என்றால் அறிந்தவன். மஃலூம் என்றால் அறியப்பட்டது. ஆலிம், உலமா, முஅல்லிம் முதலிய சொற்கள் தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் நாள்தோறும் அடிபடுவன ஆகையால், செவிக்கு அவை நம்மில் பலருக்கும் புதியன அல்ல.

இவ்வாறு உயிர்களும் துணை எழுத்துக்களும் அமைந்து நிற்கும் சட்டகத்திற்கு அரபு இலக்கணிகள் இட்ட பெயர் வஸ்ன் என்பது. நிறை, எடை என்பது அதன் பொருள். சொல்லின் நிறையைக் காட்டுவதற்கு அவர்கள் கையாண்ட உபாயம் தமிழ் யாப்புப் பயின்றவர்களுக்கு மிகவும் உவப்பளிக்கக் கூடியது. நாம் நேர்நேர் என்ற அசையமைப்பைத் ‘தேமா’ என்றும், நிரைநேர் என்பதைப் ‘புளிமா’ என்றும், தானே அந்த அமைப்பை உடைய ஒரு சொல்லால் பெயரிட்டு வழங்குகிறோம் அல்லவா? அதே முறையில் அரபு இலக்கணிகள் ‘செய்தல்’ என்று பொருள்படும் ஃபா, ஐன், லாம் என்ற மூலத்தை எடுத்து, எல்லா அமைப்புக்களுக்கும் அதையே வாய்பாடாக்கினார்கள். அலிம என்ற சொல்லின் வாய்பாடு ஃபஇல. ஆலிம் என்பதன் வாய்பாடு ஃபாஇல். மஃலூம் என்பதன் வாய்பாடு மஃப்ஊல். எந்தச் சொல்லாயினும் அதன் முதல் மெய்யைச் சொல்லின் ‘ஃபா’ என்றும், நடுமெய்யை ‘ஐன்’ என்றும், இறுதி மெய்யை ‘லாம்’ என்றும் அவர்கள் அழைப்பதும் இதனாலேதான். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்தில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் என்ற பண்டிதர் அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தபோது, ஃபஊலுன், மஃபாஈலுன் என்று சீர்களுக்கும் இதே மூலத்திலிருந்தே வாய்பாடு அமைத்தார் என்பதை எண்ணும்போது, ஒரு வடிவத்தைப் பெயரிட அந்த வடிவமுடைய சொல்லையே ஆளும் யுக்தி இரு வேறு பாஷைகளில் தனித்தனியே தோன்றியிருப்பது என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது.

இந்தக் கலீலே கிதாபுல் ஐன் என்ற அகராதியை வகுத்தவர். மூன்று மெய்களை ஆறு வகையாக மாற்றி வரிசைப்படுத்தலாம் என்ற கணிதத்தை அவர் அகராதிக்கே அடித்தளமாக்கி, ஒவ்வொரு கூட்டத்திலும் எந்த வரிசை மக்கள் வழக்கில் உள்ளது, எது வழக்கில் இல்லாமல் விடுபட்டது என்று பிரித்துக் காட்டினார். ஐன், லாம், மீம் என்றால் அறிதல். அவற்றையே ஐன், மீம், லாம் என்று மாற்றினால் செயல். ‘சட்டம் அமலுக்கு வந்தது’ என்று நாம் சொல்லும் அமல் அதுவே. லாம், மீம், ஐன் என்று மாற்றினால் ஒளிர்தல். ஆகவே மெய்களைப் போலவே அவற்றின் வரிசையும் மூலத்தின் அங்கமாகும். எழுத்து இடம் மாறினால் அர்த்தமும் அடியோடு மாறிவிடும்.

இனி வினைச்சொற்களின் பெருக்கத்தைப் பார்ப்போம். மூவெழுத்து மூலத்தின் மிக எளிய வினைவடிவத்தைத் தவிர, அதன்மேல் ஏதேனும் ஒன்றைக் கூட்டி ஆக்கப்படும் வடிவங்கள் வழக்கில் மிகுதியாக உள்ளவை ஒன்பது. எளிய வடிவத்தையும் சேர்த்துப் பத்து என்று மேனாட்டு நூல்கள் எண்ணிட்டு வழங்குகின்றன. அவை அனைத்தையும் இங்கே அடுக்கி உங்களைச் சோர்வுறச் செய்ய நான் விரும்பவில்லை. நமது ஐன், லாம், மீம் என்ற மூலத்தின் வழியாகவே நான்கைந்தை மட்டும் பார்த்தால் அமைப்பின் இயல்பு தெளிவாகும். நடுமெய்யை இரட்டித்தால் அல்லம: அறியச் செய்தான், அதாவது கற்பித்தான். முன்னால் ஓர் அகரத்தைக் கூட்டி முதல் மெய்யின் உயிரைப் போக்கினால் அஃலம: அறிவித்தான், தெரிவித்தான். இரட்டித்த வடிவத்தின் முன் ‘த’ சேர்த்தால் தஅல்லம: தனக்குத்தானே கற்பித்துக் கொண்டான், அதாவது கற்றான். முன்னால் ‘இஸ்த’ என்பதைச் சேர்த்தால் இஸ்தஃலம: அறிவை நாடினான், அதாவது விசாரித்தான். கற்பித்தல், தெரிவித்தல், கற்றல், விசாரித்தல் என்ற நான்கு காரியங்களுக்கும் தமிழில் நாம் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளைக் கையாள, அரபியரோ ஒரே மூன்று மெய்களை வாய்பாடு மட்டும் மாற்றி ஆள்கிறார்கள்.

இந்த வாய்பாடுகளின் கருத்துச் சாயல் வேறு மூலங்களிலும் தொடர்ந்து வருகிறது. காஃப், ஸீன், ரா என்ற மூலத்தில் கஸர என்றால் உடைத்தான். நடுமெய் இரட்டித்த கஸ்ஸர என்றால் துண்டு துண்டாக நொறுக்கினான். முன்னால் ‘இன்’ சேர்ந்த இன்கஸர என்றால் அது தானே உடைந்தது. இரட்டிப்பு ஒரு மூலத்தில் பிறவினைப் பொருளையும், மற்றொன்றில் செயலின் மிகுதியையும் தருவதைக் கவனியுங்கள். மெய்யை அழுத்திச் சொல்வதும் செயலை அழுத்திச் செய்வதும் ஒன்றோடொன்று இயைந்து நிற்பதைப் பழைய இலக்கணிகளும் எடுத்துக் கூறியிருக்கிறார்கள்.

வினைவடிவம் ஒன்று அமைந்துவிட்டால், அதிலிருந்து பெயர்கள் பிறக்கும் ஒழுங்கு வியக்கத்தக்கது. கூட்டுவடிவங்கள் எல்லாவற்றிலும் முன்னால் ‘மு’ சேர்ந்தால் பெயராகிறது. கடைசி மெய்க்கு முந்திய உயிர் இகரமானால் செய்பவன், அகரமானால் செய்யப்படுபவன். முஅல்லிம் என்றால் கற்பிப்பவன். முஅல்லம் என்றால் கற்பிக்கப்பட்டவன். ஆசிரியனுக்கும் மாணாக்கனுக்கும் இடையில் நிற்பது ஒரே ஒரு குற்றுயிர். செயலின் பெயரும் அவ்வாறே விதிவழிப்பட்டது: அல்லம என்பதற்குத் தஃலீம், அஃலம என்பதற்கு இஃலாம், இஸ்தஃலம என்பதற்கு இஸ்திஃலாம். வாய்பாட்டை அறிந்தவன் இதுவரை கேட்டிராத மூலத்திலும் இவற்றைத் தானே ஆக்கிக்கொள்ளலாம். ஆனால் எளிய முதல் வடிவத்திலோ இந்த ஒழுங்கு இல்லை. அங்கே செயலின் பெயர் ஒரு மூலத்துக்கு இல்ம் என்றும், வேறொன்றுக்கு குலூஸ், துஹூல் போன்ற நெட்டுயிர் வாய்பாட்டிலும் வரும். நிகழ்கால வினையில் நடுமெய்யின் உயிரும் அ, இ, உ என்ற மூன்றில் எது என்பதை அகராதியைப் பார்த்தோ ஆசிரியர் வாயிலாகவோதான் அறிய வேண்டும். மதரஸாக்களில் இளம் மாணவர்கள் ‘நஸர, யன்ஸுரு’ என்று இரண்டு வடிவங்களையும் சேர்த்தே உருப்போடுவதற்கு இதுவே காரணம்.

இந்தச் சொல்லமைப்போடு இணைத்தே அரபு லிபியையும் நோக்க வேண்டும். சாதாரண எழுத்தில் குற்றுயிர்களும் இரட்டிப்புக் குறியும் எழுதப்படுவதில்லை. ஐன், லாம், மீம் என்ற மூன்றெழுத்தைத் தாளில் கண்டவன் அதை அறிந்தான் என்றோ, அறியப்பட்டது என்றோ, கற்பித்தான் என்றோ, அறிவு என்றோ, கொடி என்றோ படிக்க நேரலாம். கொடி என்பதற்கும் அலம் என்று இதே மெய்கள்தாம். அந்நியனுக்கு இது குறைபாடாகத் தோன்றும். மொழியில் தேர்ந்தவனோ வாக்கியத்தில் அந்த இடத்திற்கு எந்த வாய்பாடு வேண்டும் என்பதை முன்னதாகவே அறிந்திருக்கிறான். மெய்களை மட்டும் கண்ணுக்குக் கொடுத்தால், உயிர்களை அவன் அறிவே நிரப்பிக் கொள்கிறது.

மாணவன் உண்மையில் இடறுமிடம் அகராதி. அரபு அகராதிகளிற் பெரும்பாலானவை சொல்லின் முதல் எழுத்தைக் கொண்டு வரிசைப்படுத்தப்படாமல், மூலத்தைக் கொண்டே வரிசைப்படுத்தப்பட்டவை. 1311இல் மறைந்த இப்னு மன்ஸூர் இயற்றிய லிஸானுல் அரப் என்ற பேரகராதியில் மூலங்கள் கடைசி மெய்யைக் கொண்டு வகுக்கப்பட்டுள்ளன; பிற்காலத்து அகராதிகள் பலவும் முதல் மெய்யைக் கொண்டு வகுக்கின்றன. எப்படியாயினும், சொல்லிலிருந்து மூலத்தைப் பிரித்தறியத் தெரியாதவனுக்கு அகராதியின் கதவு திறவாது.

ஆகவே ஒரு சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்கு அரபில் முஸ்தஷ்ஃபா என்று பெயர். கூட்டெழுத்துக்களாக வரக்கூடியவை பத்தே என்று இலக்கணிகள் கண்டு, அவற்றை நினைவில் வைக்க ‘ஸஅல்துமூனீஹா’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கி வைத்தார்கள். ‘நீங்கள் அதை என்னிடம் வினவினீர்கள்’ என்பது அதன் பொருள். அந்தப் பத்தில் சேராத எழுத்து எதுவோ, அது கட்டாயம் மூலத்தைச் சேர்ந்தது. முஸ்தஷ்ஃபாவில் ஷீனும் ஃபாவும் பத்தில் இல்லை. எனவே அவை மூலமெய்கள். மீம், ஸீன், தா மூன்றும் பத்தில் உள்ளன. ‘முஸ்த’ என்ற தொடக்கமோ இஸ்தஃலம போன்ற வினையிலிருந்து பிறந்த பெயருக்கு உரியது. மூன்றாவது மூலமெய் எங்கே? இறுதியில் நிற்கும் நெடிய ஆகாரமே அது. வாவும் யாவும் இத்தகைய இடங்களில் ஆகாரமாகத் தேய்வது அரபின் இயல்பு. இங்கே அது யா. ஷீன், ஃபா, யா என்பதைத் தேடினால் குணமடைதல் என்ற பொருளும், ஷிஃபா என்ற பெயரும் அகப்படுகின்றன. குணம் நாடப்படும் இடம் முஸ்தஷ்ஃபா.

இம்முறையை யோசனையின்றிப் பிரயோகிப்பவன் ஏமாறும் இடமும் உண்டு. முஸ்தமிஃ என்றால் செவிமடுப்பவன். முன் சொன்ன பழக்கத்தில் ‘முஸ்த’ என்பதைக் கழித்தால் எஞ்சுவது மீமும் ஐனும் மட்டுமே, இரண்டு மெய்கள். மூன்று மெய் எஞ்சாதபோது நாம் கழித்ததில் பிழை இருக்கிறது என்று உடனே அறிய வேண்டும். இங்கே ஸீன் கூட்டெழுத்தன்று, மூலத்தின் முதல் மெய். அதற்கும் இரண்டாம் மெய்க்கும் நடுவே ஒரு ‘த’ செருகப்பட்டிருக்கிறது. ஸீன், மீம், ஐன் என்பதே மூலம். ஸமிஅ என்றால் காதில் விழக் கேட்டான்; நடுவே தகரம் செருகிய இஸ்தமஅ என்றால் கவனித்துக் கேட்டான்.

வாவும் யாவும் தரும் தொல்லைக்கு இன்னொரு சான்று, தராசைக் குறிக்கும் மீஸான் என்ற சொல்லே ஆகும். இலக்கணம் தொடங்கும் மாணவர்களுக்கு இந்நாட்டு மதரஸாக்களில் கற்பிக்கப்படும் வினைவாய்பாட்டு நூலுக்கும் அதுவே பெயர். முதல் மெய் மீம் என்று கருதித் தேடுபவனுக்கு அது அகப்படாது. நிறுத்தல் என்ற பொருளுடைய வாவ், ஸாய், நூன் என்பதே மூலம். கருவியைக் குறிக்கும் மிஃப்ஆல் என்ற வாய்பாட்டில் அது மிவ்ஸான் என்று அமைந்து, இகரத்தின் பின் வந்த வகரம் நிற்கமாட்டாமல் ஈகாரமாக நீண்டது. இதைக் கண்டறியும் வழி பன்மையில் இருக்கிறது: மவாஸீன் என்ற பன்மையில் மறைந்த வகரம் திரும்பி வந்து நிற்கிறது. ஐயுற்ற சொல்லின் பன்மையைக் கேட்டுப் பார்ப்பது, மூலத்தைத் தேடுவோர் கைக்கொள்ளத்தக்க நல்ல உபாயம். ஏனெனில் அரபின் பன்மைகளில் பல, நம் ‘கள்’ விகுதியைப் போல ஈற்றில் ஒட்டாமல், உள்ளிருக்கும் உயிர்களையே மாற்றி அமைப்பவை. ஆலிம் என்பதன் பன்மையே உலமா. தமிழில் நாம் உலமாக்கள் என்று அதன்மேல் இன்னொரு பன்மை விகுதியை ஏற்றி வழங்குகிறோம்.

இவ்வளவும் கேட்ட பின், மூலமும் வாய்பாடும் தெரிந்தால் பொருளைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம் என்று எவரேனும் கருதினால், அது தவறு என்பதையும் நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ரா, ஸீன், லாம் என்ற மூலத்தைப் பாருங்கள். அனுப்பினான் என்பதற்கு இதில் எளிய வடிவம் ஆளப்படுவதில்லை. முன்னால் அகரம் கூட்டிய அர்ஸல என்பதே வழக்கு. அதிலிருந்து ரஸூல், தூதர்; ரிஸாலா, கடிதம் அல்லது செய்தி; ராஸல என்றால் ஒருவனோடு கடிதப் போக்குவரத்துக் கொண்டான்; தராஸல என்றால் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டனர். இவ்வளவும் ஒழுங்காகவே செல்கிறது. ஆனால் இஸ்தர்ஸல என்பதற்கு, இஸ்தஃலமவை வைத்து, அனுப்புமாறு வேண்டினான் என்று பொருள் கூறினால் பிழைபடும். கூந்தல் தளர்ந்து தொங்கியது, ஒருவன் தடையின்றி நீளப் பேசினான் என்பனவே அதன் பொருள்கள். ஒரே மூலத்துக்குள் இயைபற்ற பொருள்கள் கூடியிருப்பதும் உண்டு: தரஸ என்றால் பாடம் படித்தான் என்றும், கதிரடித்தான் என்றும், சுவடு அழிந்தது என்றும் பொருள்கள் உள்ளன. வாய்பாடு பொருளின் திசையைக் காட்டும்; இன்ன இடத்தில் போய் நிற்கிறது என்பதை வழக்கே நிர்ணயிக்கும். பத்து வடிவங்களும் பூரணமாக ஆளப்படும் மூலங்களும் அரியனவே. வாய்பாடு இடம் கொடுத்தும் மக்கள் ஆளாத வடிவத்தை நாமாக ஆக்கிப் பேசினால், இலக்கணம் அதைக் கண்டிக்காவிடினும் கேட்பவர் புரிந்துகொள்ள மாட்டார்.

கடைசியாக, இந்த விஷயம் நம் தமிழோடு மெய்யாகவே தொடும் ஓரிடத்தைக் காட்டி என் உரையை முடிக்கிறேன். பாரசீகம், ஹிந்துஸ்தானி வாயிலாக அரபுச் சொற்கள் பல நம் கச்சேரிகளிலும் ரெவின்யூ இலாகாவிலும் புகுந்து நிலைபெற்றுவிட்டன. வாவ், காஃப், லாம் என்பது பொறுப்பை ஒப்படைத்தல் என்ற பொருளுடைய மூலம். ஒப்படைக்கப்பட்டவர் வக்கீல், ஒப்படைப்பு வக்காலத்து. ஹா, ஸாத், லாம் என்பது கிடைத்தல் என்ற மூலம். கிடைக்கப்பெற்றது மஹ்ஸூல், நம் மகசூல். திரட்டுதல் தஹ்ஸீல், அதோடு பாரசீக விகுதி சேர்ந்து தாசில்தார். மகசூலும் மஃலூமும் ஒரே வாய்பாடு. தாசிலும் தாக்கீதும் தஃலீமும் ஒரே வாய்பாடு. கோர்ட்டில் கூப்பிடும் ஆஜரும் பள்ளிவாசலில் இருக்கும் ஆலிமும் ஒரே வாய்பாடு. நூன், ஸாத், ஃபா என்பதற்குப் பாதி என்று பொருள். இரு தரப்புக்கும் சரிபாதியாக நியாயம் வழங்குபவர் முன்ஸிஃப், நம் முன்சீப். சட்டசபையில் வரும் மசோதா, கருமை என்ற பொருளுடைய ஸீன், வாவ், தால் என்ற மூலத்திலிருந்து, நடுமெய் இரட்டித்து, ‘மு’ சேர்ந்து, ஈற்றயல் அகரமாகிப் பிறந்தது. மையினால் கறுப்பாக்கப்பட்ட தாள், அதாவது முதற்படி என்பது அதன் உண்மைப் பொருள். தமிழில் வந்தபோது இச்சொற்களின் மெய்கள் மெலிந்தன, உயிர்கள் மாறின, தமக்குள் இருந்த உறவையும் இழந்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற தனிச் சொற்களாக நம் அகராதிகளில் வெவ்வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. அகராதி தொகுக்கும் அறிஞர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: இத்தகைய சொற்களுக்கு எதிரே ‘அரபு’ என்று மட்டும் குறித்து நிறுத்தாமல், மூன்று மூலமெய்களையும் வாய்பாட்டையும் சேர்த்து அச்சிடுங்கள், அதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் வேண்டியதில்லை.